ஒரு வரியா, ஒரு கதையா?
மேடையில் தொகுத்துப் பேசும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பள்ளி ஆண்டு விழா, பணி நிறைவுப் பாராட்டு, கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று எந்த மேடைக்குப் போனாலும் இன்று மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது. தடங்கலில்லாத பேச்சும் கூச்சமில்லாத நிற்பும் உங்களிடம் இருக்கின்றன. சிரிக்க வைக்கச் சரக்கும் நிறையவே வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் சில மேடைகளில் கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட இடங்களில் நீங்கள் சொன்ன நகைச்சுவையில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. ஒரு வரியோடு முடிய வேண்டிய இடத்தில் கதை வந்திருக்கும். கதையாக விரிய வேண்டிய இடத்தில் ஒரு வரி வந்து விழுந்திருக்கும். எதற்கு எது என்பதைப் பற்றி மட்டும் இந்த மடலில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நேரம் இருந்தால் கதை, நேரம் இல்லையென்றால் ஒரு வரி. பலரும் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். நேரமும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

ஒரு வரி நகைச்சுவை தன் கையில் எதையும் கொண்டுவருவதில்லை. கேட்பவரின் மனத்தில் முன்பே இருப்பதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அந்த வரிக்கு வேலையும் இல்லை. கதையோ கட்டுச்சோற்றோடு பயணம் கிளம்பியவரைப் போன்றது. போகிற ஊரில் யாரையும் தெரியாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. ஆள் யார், அவர் பழக்கம் என்ன, என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் தானே சொல்லி, அதன் மேல் தானே சிரிப்பையும் எழுப்பிக்கொள்ளும். ஆகவே கூட்டத்துக்குத் தெரிந்த விஷயமா, ஒரு வரி போதும். தெரியாத விஷயமா, கதை வேண்டும். மற்றக் கணக்குகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம் மொழியில் இந்த இரண்டு வகைக்கும் பெரிய ஆட்கள் உண்டு. கிரேசி மோகனின் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிகளின் வேகம் தெரியும். ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தாமும் அப்படியே வரி வரியாக அடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவருடைய ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு முழு நாடகம் இருந்தது. மாது யார், ஜானகி யார், எந்தப் பொய்யை மறைக்க எந்தப் பொய் சொல்லப்பட்டது என்பதெல்லாம் சபைக்கு முன்பே தெரியும். போதாததற்கு மாது, சீனு, ஜானகி என்ற பெயர்கள் நாடகத்துக்கு நாடகம் திரும்பத் திரும்ப வந்தவை. டிக்கெட் வாங்கி, இருட்டில், மேடையை மட்டும் பார்த்தபடி இருந்த கூட்டம் அது. அத்தனையும் சேர்த்துக்கொடுத்த பலத்தில்தான் நாலே சொல்லில் ஒரு வரி அரங்கை அதிர வைத்தது. அந்த வரியைத் தனியே பிய்த்து எடுத்து வந்து ஒரு வரவேற்பு மேடையில் சொல்லிப் பாருங்கள், அதில் பாதி கூட மிஞ்சாது.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்ன விதம் இதற்கு நேர் எதிர். காலையில் ஒருவர் சவரம் செய்துகொண்டிருப்பார், ஒருவர் அடுப்படியில் இருப்பார், ஒருவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒருவர் சிரிப்பதை மற்றவர் பார்க்க முடியாது. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த விஷயம் என்று எதையும் நம்பிப் பேச முடியாது. அதனால் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத அந்தக் குரலில், ஒரு தகவலைச் சொல்லி, ஒரு ஆளைக் காட்டி, கடைசியில் ஒரு சின்னக் கதையாக முடிப்பார். கேட்பவர் எந்த ஊராக, எந்தத் தொழிலாக இருந்தாலும் சிரிப்பதற்கு வேண்டியது அந்தக் கதைக்குள்ளேயே இருந்தது.

வார இதழ்களில் வரும் துணுக்குகளையும் இதே கண்ணோடு பாருங்கள். “மன்னா, எதிரி நாட்டுப் படை எல்லைக்கு வந்துவிட்டது!” “நான் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லும், அமைச்சரே.” இரண்டே வரி. ஆனால் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். தொந்தி பெருத்த மன்னர், சரிந்த கிரீடம், ஓரமாக நிற்கும் அமைச்சர். இது எந்த இடம், யார் பேசுகிறார், மன்னர் எப்படிப்பட்டவர் என்று ஓவியர் முன்பே சொல்லிவிட்டார். பயந்தாங்கொள்ளி மன்னரை நாமும் தலைமுறைகளாக அறிவோம். இந்தத் துணுக்கை அப்படியே மேடையில் வாசித்தால் படமும் போய்விடுகிறது, எந்த வரி யாருடையது என்பதும் குழம்பிவிடுகிறது. அச்சில் சிரித்தது மேடையில் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். மேடையில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் படத்தின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும். “போரென்றால் வயிற்றுவலி வந்துவிடும் ஒரு மன்னர். அமைச்சர் ஓடிவந்து சொல்கிறார்…” என்று ஒரு வாக்கியம் முன்னால் போட்டுவிட்டுத் தொடங்கினால் அந்தத் துணுக்கு எழுந்து நிற்கும்.

இனி ஒரு மேடையை எடுத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்ப்போம். ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் பள்ளி மைதானத்தில் பாராட்டு. மாலையில் ஒரு சின்ன மண்டபத்தில் அவருடைய குடும்பத்தார் வைக்கும் விருந்து. இரண்டுக்கும் நீங்களே தொகுப்பாளர். அவரைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த செய்தி ஒன்றுதான்: பி.டி. பீரியடை வாங்கிக் கணக்குப் பாடம் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

காலையில் மைதானத்தில் மாணவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மேடையில் வாழ்த்துரைக்கு இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். ஐயாவின் பழக்கம் அங்கே இருக்கும் கடைசிப் பையனுக்கும் தெரியும். அவனிடமிருந்து வாங்கிய பீரியட்தானே அது! அவர்களிடம் போய், “நம்ம கணக்கு ஐயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு” என்று ஆரம்பித்தால், நீங்கள் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போதே அவர்கள் முடிவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். முன்னால் போய்விட்ட கூட்டத்தைப் பின்னாலிருந்து யாராலும் சிரிக்க வைக்க முடியாது. இங்கே ஒரு வரிதான் வேண்டும்:

“ஐயா, நீங்க போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு பாக்கி இருக்கு. எங்ககிட்ட கடன் வாங்கின பி.டி. பீரியட்!”

பத்து நொடிகூட ஆகாது. ‘கணக்கு பாக்கி’ என்றதும் கூட்டம் ஏதோ பாடம் என்று நினைக்கும். ‘கடன்’ என்றதும் நிமிரும். ‘பி.டி. பீரியட்’ என்ற இரண்டு சொல்லில் வெடிக்கும். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. “ஏன்னா ஐயா எப்பவும் பி.டி. பீரியட்ல வந்துடுவார் இல்லையா” என்று விளக்கினால் அந்த வரி அங்கேயே செத்துவிடும்.

இதே வரியை மாலை விருந்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் சம்பந்தி வீட்டார், அக்கம்பக்கத்தார், மனைவி வழி உறவினர்கள். இவர்களுக்கு அவர் மாமா, சித்தப்பா, சம்பந்தி. அவர் வகுப்பில் எப்படி என்பது தெரியாது. கூட வேலை பார்த்த ஆசிரியர்கள் ஒரு மூலையில் சிரிப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. தட்டுச் சத்தத்துக்கு நடுவே கடைசி மேசையில் இருப்பவருக்கு ‘கடன்’, ‘பாக்கி’ என்ற இரண்டு சொல் மட்டும் போய்ச் சேரலாம். சம்பந்தி வீட்டார் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே கதை வேண்டும். அதே செய்திதான், அதே ஐயாதான்:

“எங்க கணக்கு ஐயாவுக்கு ஒரு பழக்கம். நாலு பிள்ளைங்க சும்மா உட்கார்ந்திருந்தா அவருக்குத் தாங்காது. பி.டி. சார் லீவுன்னு எங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிரும். நாங்க பந்தைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்தா, வாசல்ல ஐயா. கையில சாக்பீஸ்.

“ஒருநாள் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டாச்சு. குடை இல்லாத நாங்க கொஞ்சப்பேர் சைக்கிள் ஷெட்டுல ஒதுங்கி நிக்கறோம். ஐயா வந்தார். எங்களைப் பார்த்தார். ஷெட்டுச் சுவரைப் பார்த்தார். ‘மழை விடற வரைக்கும் ஒரே ஒரு கணக்கு’ன்னார். மழை ஆறு மணிக்கு விட்டுது. கணக்கு ஏழு மணிக்கு விட்டுது.

“பல வருஷம் கழிச்சு எங்க செட்டுல ஒருத்தனுக்குக் கல்யாணம். ஐயா முதல் வரிசையில இருக்கார். மாப்பிள்ளை மணையில உட்கார்ந்தாச்சு. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கு. புரோகிதரைக் காணோம். மண்டபம் நிறைய ஜனம். எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்காங்க. ஐயா மெதுவா எழுந்திருச்சார். கை சட்டைப்பைக்குப் போகுது. மணையில இருந்த மாப்பிள்ளை பதறிப்போய் புரோகிதருக்கு ஃபோன் போட்டான்: ‘சாமி, எங்க இருந்தாலும் ஓடி வாங்க. ஐயா கையில சாக்பீஸ்!’”

ஒன்றரை நிமிடம் ஆகும். ஐயாவை இதற்குமுன் பார்த்தே இராத ஒருவரும் இதற்குச் சிரிக்க முடியும். அவருக்கு வேண்டிய எல்லாவற்றையும் கதையே கொடுத்துவிட்டது. காலையில் ஒரு வரி செய்த வேலையை மாலையில் இன்னொரு கூட்டத்துக்கு இந்தக் கதை செய்கிறது.

இந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே ‘சும்மா உட்கார்ந்திருந்தா’ என்று ஒரு சொல்லை ஊன்றியாயிற்று. முதல் நிகழ்ச்சி ‘கையில சாக்பீஸ்’ என்று முடிகிறது. கடைசியில் மண்டபத்தில் எல்லாரும் ‘சும்மா’ உட்கார்ந்திருக்கும்போது கேட்பவர் மனத்தில் மணி அடிக்கிறது. ஐயா எழுந்ததும் என்ன நடக்கும் என்று அவரே ஊகித்துவிடுகிறார். ஊகித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் பதற்றம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்து விழுகிறது. முன்னால் இந்த இரண்டையும் ஊன்றாமல் விட்டுவிட்டு, நடுவில், “இருங்க, சொல்ல மறந்துட்டேன், ஐயா எப்பவும் பையில சாக்பீஸ் வெச்சிருப்பார்” என்று சொன்னால் முடிவு அங்கேயே வெளுத்துவிடும். கதைக்குத் தயார் செய்யும்போது முதலில் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். அது புரிவதற்கு எவையெவை தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அவை மட்டும் முன்னால் வரட்டும். மாப்பிள்ளையின் பெயர், மண்டபம் எந்தத் தெருவில் இருந்தது, அன்றைக்கு என்ன கிழமை என்பதெல்லாம் வேண்டாம். கேட்பவர் ஒவ்வொரு விவரத்தையும் ‘இது பின்னால் பயன்படும்’ என்று நம்பி எடுத்து வைத்துக்கொள்கிறார். பயன்படாத விவரங்களைக் கொடுத்துக்கொண்டே போனால் அவருடைய நம்பிக்கை குறையும்.

நிகழ்ச்சிகள் மூன்று என்பதையும் கவனியுங்கள். முதலாவது பழக்கத்தைக் காட்டுகிறது. இரண்டாவது அதை உறுதிப்படுத்துகிறது. மூன்றாவது அதை யாரும் எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டோடு நிறுத்தினால் பழக்கம் மனத்தில் பதிந்திருக்காது. நான்காவது வந்தால் அலுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நீளமான கதையில் சிரிப்பு முழுவதையும் கடைசிக்கு ஒதுக்கி வைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் காக்க வைக்கிறீர்களோ அவ்வளவு பெரிய முடிவைக் கூட்டம் எதிர்பார்க்கும். மூன்று நிமிடம் சிரிக்காமல் காத்திருந்த கூட்டத்துக்குப் போதுமான முடிவு அநேகமாக எந்தக் கதையிலும் கிடையாது. அதனால்தான் வாசலில் ஐயா நிற்கும் இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, கணக்கு ஏழு மணிக்கு விட்ட இடத்தில் அதைவிடப் பெரிய சிரிப்பு என்று வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போகிறோம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த பிறகு தலை எண்ணும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குருவோடு சேர்த்து ஆறு பேர். எண்ணுகிறவர் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுகிறார்கள். எண்ணத் தொடங்கிய உடனே கேட்பவருக்குத் தவறு எங்கே என்று புரிந்துவிடுகிறது. அதன் பிறகு முடிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை. அடுத்தவரும் அதே தவறைச் செய்வதைப் பார்ப்பதிலேயே சிரிப்பு இருக்கிறது. நெடுங்கதையின் சுகம் அதன் நடுவில்தான் இருக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல சான்றுகளில் இது ஒன்று.

ஒரு வரிக்கோ வேறு கவனம் வேண்டும். தமிழில் வினைச்சொல் வழக்கமாக வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். சிரிப்பைத் தூண்டும் சொல் அதற்கு முன்னால் வந்துவிட்டால், கூட்டம் சிரிக்கத் தொடங்கும்போது நீங்கள் இன்னும் வாக்கியத்தை முடித்துக்கொண்டிருப்பீர்கள். “நீங்க எங்ககிட்ட பி.டி. பீரியடைக் கடனா வாங்கினது இன்னும் பாக்கி இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். செய்தி அதேதான். ஆனால் ‘பி.டி. பீரியட்’ நடுவில் மாட்டிக்கொண்டது. வாலில் ஐந்து சொல் தொங்குகிறது. முன்பு சொன்ன வரியில் வாக்கியம் பெயர்ச்சொல்லோடு முடிந்தது. ‘ஐயா கையில சாக்பீஸ்’ என்பதும் அப்படித்தான். ‘சாக்பீஸை எடுத்துட்டார்’ என்று முடித்திருந்தால் சிரிப்பு அரை நொடி தடுமாறியிருக்கும். உங்கள் வரியை எழுதி வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லில் சிரிப்பு வருகிறதோ அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் முன்னால் தள்ளுங்கள், அல்லது வெட்டுங்கள்.

கூட்டத்துக்கு என்ன தெரியும் என்று பார்த்த பிறகு இடத்தைப் பாருங்கள். கதைக்கு வேண்டியது கூட்டம் தொடர்ந்து கேட்கக்கூடிய சூழ்நிலை. நடுவில் அரை நிமிடம் கவனம் போனாலும் கேட்பவர் கதையை விட்டுவிடுவார். பிறகு அவரைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. கல்யாண வரவேற்பில் மொய்க் கவர்களோடு மேடையில் வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது, புகைப்படக்காரர் ஆட்களை நகர்த்தி நிற்க வைக்கிறார், அடுத்த பந்திக்கு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே யாராலும் ஒன்றரை நிமிடம் ஒரே இடத்தில் மனத்தை வைக்க முடியாது. அப்போது மைக் பிடித்தவர் செய்யக்கூடியது, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒரு வரியில் தொட்டுவிட்டு விலகுவதுதான். எல்லோருக்கும் தெரிந்தது எது? அந்த மண்டபத்தில் அந்த நேரத்தில் கண்ணெதிரே நடப்பது. ஏ.சி. வேலை செய்யாதது, நாற்காலி போதாதது, பாட்டு நடுவில் நின்றது, இவையெல்லாம் அந்நியர்கள் நிறைந்த கூட்டத்துக்கும் பொதுச் சொத்து. வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு போன வரியைவிட இந்த வரிக்கு அங்கே மதிப்பு அதிகம்.

திருவிழா மேடையில் இன்னொரு சிக்கல். தெரு நெடுக கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி இருக்கும் குழாயிலிருந்து வரும் சத்தம் ஒருவர் காதுக்கு, பக்கத்துக் குழாயின் சத்தத்தைவிட அரை நொடி பிந்தி வந்து சேரும். உங்கள் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழும். அடுத்த சொல் முந்தைய சொல்லின் எதிரொலியில் சிக்கும். அங்கே மின்னலாக ஒரு வரியை வீசினால் கடைசிச் சொல்லே கலங்கிவிடும். குறுகிய வாக்கியங்களில், மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடைவெளி விட்டுச் சொல்லும் கதை அங்கே தப்பிப் பிழைக்கும். சிலேடையும் உச்சரிப்பு நுட்பத்தை நம்பிய வரிகளும் அங்கே வேண்டாம். இது தெரிந்தால், மேடை ஏறுவதற்கு முன் ஒரு முறை கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய் நின்று, முன்னால் பேசுகிறவர் எப்படிக் கேட்கிறார் என்று பார்த்துவிட்டு வருவீர்கள்.

மூன்றாவதாக ஆளைப் பாருங்கள். பாராட்டப்படுகிற மனிதர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய மனைவியும் பேரப்பிள்ளைகளும் எதிரே இருக்கிறார்கள். ஒரு வரிக்குள் அன்பைக் காட்ட இடமில்லை. உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள பாசம் கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒழிய, ஒரு மனிதரைப் பற்றிய ஒற்றை வரி குத்தலாகத்தான் கேட்கும். காலையில் மாணவர்கள் முன்னால் அந்த வரி இனித்ததற்குக் காரணம், அவர்கள் ஐயாவை நேசிப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். மாலையில் அந்த உறுதி இல்லை. கதையிலோ மழையில் ஷெட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரைக் கூட்டம் பார்க்கிறது. சிரித்துக்கொண்டே அவரை மதிக்கவும் செய்கிறது. புதிய ஊரில், புதிய கூட்டத்தின் முன், உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவரைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் கதையையே தேர்ந்தெடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அவரைப் பற்றிய நகைச்சுவையே வேண்டாம். மனமார வாழ்த்திவிட்டு நகருங்கள்.

தவறு நேர்ந்தால் இரண்டுக்கும் விலை வேறு. ஒரு வரி எடுபடவில்லை என்றால் பத்து நொடிதான் போயிற்று. நிற்காமல், “சிரிப்பு வரலையா?” என்று கேட்காமல், அடுத்த அறிவிப்புக்குப் போய்விடலாம், கூட்டம் அதை மறந்துவிடும். கதை எடுபடவில்லை என்றால் நிகழ்ச்சியின் ஓட்டமே அறுந்துவிடும். ஆகையால் கதை சொல்கிறவர் வழியிலேயே கூட்டத்தைப் படிக்க வேண்டும். முதல் நிகழ்ச்சியின் முடிவில் உதட்டோரத்திலாவது ஒரு சிரிப்பு தெரிய வேண்டும். இரண்டாவதின் முடிவில் சத்தம் கேட்க வேண்டும். பின்வரிசையில் தலைகள் ஒன்றோடொன்று திரும்பிப் பேசத் தொடங்கினாலோ, விழா ஏற்பாட்டாளர் மேடையோரத்துக்கு வந்து நின்றாலோ, சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்தாலோ மூன்றாவது நிகழ்ச்சிக்குள் போகாதீர்கள். “கணக்கு ஏழு மணிக்கு விட்டுது” என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டு, “இத்தனை வருஷமா எங்க பீரியடை எல்லாம் எடுத்துக்கிட்ட ஐயாகிட்ட இருந்து இன்னிக்கு நாங்க ஒரு பீரியடை எடுத்துக்கறோம், அவரை வாழ்த்தறதுக்கு” என்று முடித்துவிடலாம். கதை பாதியில் நின்றது யாருக்கும் தெரியாது. இப்படி நடுவில் முடித்துக்கொள்ள ஓர் இடம் இல்லாத கதையை மேடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

எந்த வடிவமானாலும் “இப்ப ஒரு ஜோக் சொல்றேன்” என்று அறிவித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். அறிவித்த உடனே கூட்டம் கைகட்டி உட்கார்ந்துகொண்டு, ‘சரி, சிரிக்க வை பார்ப்போம்’ என்று காத்திருக்கும். கதை நடந்த செய்தியைப் போலத் தொடங்கட்டும். வரி அறிவிப்பின் நடுவே வந்து விழட்டும்.

அடுத்த மேடைக்கு ஒப்புக்கொள்ளும்போதே ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். வருகிறவர்களில் எத்தனை பேருக்கு விழா நாயகரை நெருக்கமாகத் தெரியும்? நான் பேசும் நேரத்தில் சாப்பாடோ, புகைப்பட வரிசையோ நடக்குமா? எனக்கு முன்னால் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்? முதல் கேள்விக்கு ‘எல்லோருக்கும்’ என்று பதில் வந்தால் ஒரு வரியைக் கூர்தீட்டுங்கள். ‘பாதிப்பேருக்கு’ என்று வந்தால் கதையைக் கட்டுங்கள். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வரும் பதில், அந்தக் கதைக்கு அங்கே இடமுண்டா என்று சொல்லிவிடும். அப்படியும் நிலைமை கடைசி நேரத்தில் மாறலாம். அதனால் ஒரே செய்தியை இரண்டு அளவிலும் தயார் செய்து கொண்டுபோங்கள்: பத்து நொடிக்கு ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. இரண்டையும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கடிகாரத்தில் அளந்துகொள்ளுங்கள். எதைச் சொல்வது என்பதை மைக் கைக்கு வந்த பிறகு, கூட்டத்தை ஒரு முறை முழுவதும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்களோடு மேடை ஏறும் ஒரு மூத்த தொகுப்பாளர்